மூன்றா, நான்கா? பின்னம் சொல்லித்தரும் நாலரை நிமிட அனிமேஷனுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முறை

மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் பற்றிக் கார்ட்டூன் எழுதித் தாருங்கள் என்று யாராவது கேட்டால் நம் கை முதலில் போவது பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைக்குத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் என்ன புரிந்தது என்று கேட்டபோது "குரங்கு ஏமாத்திடுச்சு" என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள், ஆனால் அரை, கால் என்ற பேச்சே வரவில்லை. கதையில் பின்னம் இருந்தது, கதையை நகர்த்தியது மட்டும் குரங்கின் தந்திரம். பின்னத்தை எடுத்துவிட்டாலும் அந்தக் கதை நிற்கும், அதுதான் கோளாறு.

அதற்குப் பிறகு எழுதிய ஒரு பகுதியை, பெயர் "கிட்டுவும் நாலு பேரும்", முதல் வரியிலிருந்து கடைசி வரை எப்படிக் கட்டினேன் என்று இங்கே எழுதுகிறேன். ஒரே கதாபாத்திரம் திரும்பத் திரும்ப வரும் தொடரில் இது மூன்றாவது பகுதி, நீளம் நாலரை நிமிடம்.

## முதலில் எழுத வேண்டியது பிள்ளையின் தவறான வாக்கியம்

"இந்தப் பகுதியில் பின்னங்களை ஒப்பிடக் கற்பிப்போம்" என்று குறிக்கோள் எழுதினால் அதை வைத்து ஒரு காட்சி கூட எழுத முடியாது. அதற்குப் பதிலாக, பிள்ளை வாயில் வரும் தவறான வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். எனக்கு அது இது: "நாலு மூணைவிடப் பெருசு, அதனால 1/4 தான் 1/3-ஐவிடப் பெருசு."

இது சோம்பேறித்தனத்தால் வரும் தவறு அல்ல. பிள்ளை இதுவரை படித்த எல்லா எண்களிலும் நான்கு மூன்றைவிடப் பெரியதாகத்தான் இருந்தது. பின்னத்தில் மட்டும் கீழே உட்கார்ந்திருக்கும் எண் எத்தனை பேருக்குப் பங்கு என்று சொல்கிறது, ஆள் கூடினால் பங்கு குறையும். ஆகவே கதையில் இந்தத் தவறைச் செய்கிறவன் முட்டாளாக இருக்கக் கூடாது, காரணத்தோடு தவறு செய்கிறவனாக இருக்க வேண்டும்.

ஒரு பகுதிக்கு ஒரு தவறான வாக்கியம் போதும். இரண்டாவதாக ஒன்று தோன்றினால் (எனக்குத் தோன்றியது: பெரிய மிட்டாயின் காலும் சின்ன மிட்டாயின் காலும் ஒன்றா?) அதைக் குறித்து வைத்து அடுத்த பகுதிக்கு ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே நாலரை நிமிடத்தில் திணித்த முதல் வரைவை நான் கிழித்துப் போட்டேன்.

## எதை வெட்டுவது

பீட்சா வேண்டாம், தோசையும் வேண்டாம். வட்டத்தை இரண்டாகவும் நான்காகவும் வெட்டுவது சுலபம், மூன்றாக வெட்டுவது பெரியவர்களுக்கே தடுமாற்றம். படம் பார்த்த பிள்ளை வீட்டில் தாளை வைத்துச் செய்து பார்க்கும், வட்டத்தில் மூன்றில் ஒன்று அதற்கு வராது. அது மட்டுமல்ல, இரண்டு வட்டத் துண்டுகளை அருகருகே வைத்தால் எது பெரியது என்று கண் சட்டென்று சொல்லாது. நீளமான பட்டை என்றால் ஒரு முனையைச் சேர்த்து வைத்தாலே போதும், நீட்டிக்கொண்டிருப்பது பெரியது.

எனக்கு அமைந்தது கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம், பிள்ளைகளுக்குத் தெரிந்தது, பலகையில் பரப்பி உருட்டி சூடு ஆறுவதற்குள் கத்தியால் வெட்டுவார்கள் என்பதால் வெட்டுவது கதைக்குள்ளேயே இயல்பாக வந்துவிடுகிறது. ஆறினால் உடைந்து சிதறும், அதனால் கதையில் வரும் மிட்டாய்க்கடை ஆச்சி அவசரப்படுத்தலாம், காட்சிக்கு ஒரு வேகமும் கிடைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. படத்தில் கடலைப் பருப்புகளைத் தனித்தனியாக வரைந்தால் பிள்ளைகள் துண்டின் நீளத்தைப் பார்க்காமல் பருப்பை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். "அதுல ஏழு கடலை, இதுல ஒன்பது." முதல் மாதிரிப் படத்தில் இதுதான் நடந்தது. பிறகு பருப்பெல்லாம் எண்ண முடியாத பொடி அமைப்பாக மாறியது.

பட்டையின் அளவை ஸ்கிரிப்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 1920-க்கு 1080 திரையில் நான் வைத்தது 1200 பிக்சல் நீளம், 200 உயரம். 1200 எதற்கு என்றால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். மூன்றில் ஒன்று 400, நான்கில் ஒன்று 300, ஐந்தில் ஒன்று 240. தொடர் முழுக்க இதே பட்டை வந்தால் மூன்றாம் பகுதியில் பார்த்த துண்டை ஏழாம் பகுதியில் பார்த்த துண்டோடு பிள்ளை மனசிலேயே ஒப்பிடும்.

## கிட்டு யார்

கடைக்குப் பின்னால் புளியமரத்தில் இருக்கும் அணில். முதலில் அவனுக்கு "பாதி" என்று பெயர் வைத்தேன், செல்லமாக இருக்கட்டும் என்று. ஒலிப்பதிவில் "பாதி, பாதி எடுத்துக்கோ" என்று ஆச்சி சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம், பிள்ளைகள் மட்டும் குழம்பிப்போனார்கள். கதாபாத்திரத்தின் பெயரில் எண்ணோ பங்கோ வரவே கூடாது.

திரும்ப வரும் கதாபாத்திரத்துக்கு அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடியின் நிறம், வாலின் வளைவு எல்லாம் ஓவியர் பார்த்துக்கொள்வார். நீங்கள் எழுத வேண்டியது அவன் எப்படித் தவறு செய்வான் என்பதை. கிட்டு பெரிய எண்ணைக் கேட்டதும் பாய்கிறவன். முதல் பகுதியில் மூன்று துண்டு தருகிறேன் என்றதும் பாய்ந்து, மூன்றும் வெவ்வேறு அளவு என்று கண்டு, சமமாக வெட்டினால்தான் பங்கு என்று தெரிந்துகொள்கிறான். இரண்டாவதில் அரையும் காலும். மூன்றாவதில் இந்த நான்கு. குணம் ஒன்றேதான், விழுகிற குழி ஒவ்வொரு முறையும் வேறு.

இன்னொரு விதி: ஒருமுறை தெரிந்துகொண்டதைக் கிட்டு மறக்கக் கூடாது. சமமாக வெட்ட வேண்டும் என்று முதல் பகுதியில் தெரிந்துகொண்டவன் மூன்றாம் பகுதியில் அதே தவறைச் செய்தால் பிள்ளைகள் அவனை மதிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பகுதியின் முதல் அரை நிமிடத்தில் போன பகுதியில் கற்றதை அவன் பெருமையோடு பயன்படுத்துகிறான். பழைய பாடத்துக்கு அதுவே நினைவூட்டல், தனியாக "சென்ற பகுதியில் பார்த்தோம்" வேண்டாம்.

மூன்றாவது விதி, அவனை யாரும் "தப்பு" என்று சொல்லக் கூடாது. ஆச்சி கூட. மிட்டாய்த் துண்டு சொல்லட்டும்.

அணிலைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு சின்ன லாபமும் இருந்தது: நாலு கால் சேர்ந்தால் ஒன்று. இரண்டாம் பகுதியின் விளையாட்டு முழுக்க இந்தச் சொல்லில்தான் ஓடியது.

## கதையை பின்னமே நகர்த்த வேண்டும்

ஆச்சிக்கு வேலைக்கு ஆள் வேண்டும். நிலக்கடலை உடைக்க மூன்று பேர், சுளகில் புடைக்க நான்கு பேர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூலி ஒரு முழு மிட்டாய்ப் பட்டை, கூட்டத்தில் இருப்பவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கூட்டம் வேண்டும் என்று கேட்டால் கிட்டு நான்குக்குப் பாய்கிறான். கிடைப்பது சின்னத் துண்டு.

இவ்வளவுதான் கதை. இதில் பின்னத்தை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது, அது போதும்.

முதல் வரைவில் ஒரு ஓட்டை இருந்தது. உடைக்கும் இடத்தில் ஏற்கெனவே மூன்று பேர், புடைக்கும் இடத்தில் மூன்று பேர், கிட்டு சேர்ந்ததும் அங்கே நான்கு என்று எழுதியிருந்தேன். அப்படியானால் அவன் மறுபக்கம் போயிருந்தால் அங்கேயும் நான்குதான் ஆகியிருக்கும், அவன் தேர்வில் எந்த வித்தியாசமும் இல்லை. படிக்கும்போது யாருக்கும் தெரியவில்லை, படம் வரையும் தம்பிதான் கண்டுபிடித்தார். சரிசெய்த வடிவில் உடைக்கும் இடத்தில் காகமும் மைனாவும் இருக்கிறார்கள், புடைக்கும் இடத்தில் புறா, கோழி, தவிட்டுக்குருவி. இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடம் பாக்கி. வெளியே நிற்பது கிட்டுவும் ஓணானும். கிட்டு எதை எடுத்தாலும் மீதி ஓணானுக்கு. இப்படிப் பங்குகளை ஆள் கணக்கோடு தாளில் போட்டுப் பார்க்காமல் உரையாடல் எழுதத் தொடங்காதீர்கள்.

## ஸ்கிரிப்ட்

தாளை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இடதில் படம், வலதில் ஒலி. இங்கே வசதிக்காக ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறேன். ஆங்கிலத்துக்குச் சொல்லும் நிமிடக் கணக்கைத் தமிழுக்குப் போட்டுவிடாதீர்கள், நம் சொற்கள் நீளம். பிள்ளைகளுக்குப் புரியும் வேகத்தில், இடைவெளி விட்டுப் பேசினால் எனக்கு ஒரு நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்கு மேல் போகவில்லை. போனில் பதிந்து கடிகாரம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தொடக்கத்தில் ஆச்சி கூலிக்கான இரண்டு பட்டைகளை வைக்கிறார். கிட்டு போன பகுதிகளில் கற்றதை வைத்துச் சோதிக்கிறான்.

0:10, படம்: மேலிருந்து பார்க்கும் கோணம். பலகையில் இரண்டு பட்டைகள். கிட்டு ஒன்றை நகர்த்தி மற்றொன்றின் மேல் வைக்கிறான். நான்கு முனைகளும் ஒட்டுகின்றன. மூன்று விநாடி அசைவில்லை.
ஒலி, கிட்டு: ஆச்சி, ரெண்டும் ஒரே அளவுதான். பாத்துட்டேன்!
ஆச்சி: வெவரமாயிட்டலே நீ.

இந்த மூன்று விநாடியை வெட்டச் சொல்லி யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுசு இரண்டும் ஒன்று என்பது பிள்ளை மனசில் பதியாவிட்டால் பின்னால் வரும் ஒப்பீடு அர்த்தமற்றது.

0:50, படம்: இரண்டு பலகைகள், ஒன்றில் மூன்று ஆள் உருவம், மற்றதில் நான்கு. ஒவ்வொன்றிலும் ஓர் உருவம் மட்டும் நிறமின்றி.
ஆச்சி: உடைக்க மூணு பேரு, புடைக்க நாலு பேரு. ஆளுக்குச் சமமாப் பிரிச்சுக்கணும். எங்கலே வார?
கிட்டு: (தனக்குள்) மூணு... நாலு... நாலுதான பெருசு!
படம்: கிட்டு பார்வையாளர் பக்கம் திரும்புகிறான். வால் அசைவதைத் தவிர எல்லாம் நிற்கிறது.
கிட்டு: நீங்களா இருந்தா எங்க போவீங்க?
ஒலி: ஐந்து விநாடி மௌனம். இசையும் கூடாது.

ஐந்து விநாடி ஸ்டுடியோவில் ஐந்து நிமிடம் போல் இருக்கும். வகுப்பில் அது சரியாக இருக்கும், முதல் இரண்டு விநாடி கேள்வி தங்களுக்குத்தான் என்று பிள்ளைகள் உணரவே போய்விடும்.

1:40, படம்: வேலை முடிந்தது. ஆச்சியின் கத்தி முதல் பட்டையில் இறங்குகிறது. வெட்டு, வெட்டு. மூன்று துண்டு. இரண்டாவது பட்டை, மூன்று வெட்டு, நான்கு துண்டு.
ஒலி: ஒவ்வொரு வெட்டுக்கும் "டக்". வேறு பேச்சில்லை.

இரண்டு முறை வெட்டினால் மூன்று துண்டு என்பதைப் பிள்ளை கவனித்துக் குழம்பக்கூடும் என்று பயந்தேன். துண்டுகள் பிரிந்து ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றதும் அந்தக் குழப்பம் வரவில்லை, வெட்டை எண்ணாமல் ஆளைத்தான் எண்ணினார்கள்.

2:20, படம்: கிட்டு தன் துண்டோடு ஓணான் பக்கத்தில் உட்காருகிறான். கடிக்கப் போனவன் நிற்கிறான். இரண்டு துண்டையும் இடது முனை சேர்த்து வைக்கிறான். ஓணானுடையது நீட்டிக்கொண்டிருக்கிறது. நீட்டிய பகுதி மட்டும் மின்னுகிறது.
கிட்டு: ஆச்சி! ஒரே அளவு மிட்டாய்தான? நான் நாலு பேரு கூட்டத்துக்குத்தான போனேன்?
ஆச்சி: ஆமா. நாலு பேருக்குப் பிரிச்சேன்.
கிட்டு: (மெதுவாக) நாலு பேருக்கு... அவங்க மூணே பேரு...
ஆச்சி: நாலு பேரு சேந்து செஞ்சீங்க, வேலையும் சீக்கிரம் முடிஞ்சுதுல்லா?

கடைசி வரி பின்னால் சேர்த்தது. அது இல்லாதபோது பிள்ளைகள் "ஆச்சி அநியாயம் பண்றாங்க" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள், பின்னம் மறுபடி காணாமல் போனது.

கிட்டு கடிக்கும் முன் ஒப்பிட வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒரு வாய் கடித்துவிட்டால் அது நான்கில் ஒன்று அல்ல.

## எண் எழுதும் இடம்

இதில்தான் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது, நாம்தான் அதை வீணாக்குகிறோம். 1/3 என்பதை வகுப்பில் "ஒன் பை த்ரீ" என்று படிக்கிறார்கள். அதில் பங்கும் இல்லை, பிரிப்பதும் இல்லை, இரண்டு எண்களும் நடுவில் ஒரு சத்தமும்தான். "மூன்றில் ஒன்று" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் மூன்றாகப் பிரித்தோம், அதில் ஒன்றை எடுத்தோம், செய்த வேலை செய்த வரிசையிலேயே சொல்லில் இருக்கிறது.

ஆகவே திரையில் எழுதுவதும் அந்த வரிசையில் நடக்க வேண்டும். முதலில் கோடு. "மூன்றில்" என்னும்போது கோட்டின் கீழே 3. "ஒரு பங்கு" என்னும்போது மேலே 1. பெரும்பாலான படங்களில் மேலிருந்து கீழே 1, கோடு, 3 என்று எழுதிக்கொண்டு போவார்கள், குரல் மூன்றைச் சொல்லும்போது கை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும். சொல்லும் படமும் ஒரே நேரத்தில் வந்தால்தான் நன்றாக மனசில் ஏறும் என்று ரிச்சர்ட் மேயர் போன்ற ஆய்வாளர்கள் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். இங்கே சேர்ந்து வராதது மட்டுமல்ல, இரண்டும் எதிரெதிராகப் போகின்றன.

3:00, படம்: ஓணானின் துண்டு. அதன் அடியில் கோடு. கீழே மூன்று ஆள் உருவங்கள் 3 ஆக மாறுகின்றன. மேலே துண்டின் நிழல் 1 ஆக மாறுகிறது.
கிட்டு: மூன்றில்... ஒரு பங்கு.
படம்: அதேபோல் கிட்டுவின் துண்டு. நான்கு உருவங்கள் 4 ஆகின்றன.
கிட்டு: நான்கில்... ஒரு பங்கு. அட, கீழ இருக்கிறது மிட்டாய் இல்லியா? ஆளா!

கடைசி வரி என் ஸ்கிரிப்டின் மையம். ஆச்சி சொன்னால் அது பாடம், கிட்டு சொன்னால் கண்டுபிடிப்பு.

சொற்களில் இரண்டு கவனம். "பகுதி" என்ற சொல்லைத் துண்டுக்குப் பயன்படுத்தவே செய்யாதீர்கள். நம் பாடப்புத்தகத்தில் கீழே உள்ள எண்ணுக்குப் பெயர் பகுதி, மேலே தொகுதி. "நான்கு பகுதிகளாக வெட்டினாள், பகுதி நான்கு" என்று எழுதினால் பிள்ளை எதைப் பிடிக்கும்? இலங்கையில் பகுதியெண், தொகுதியெண் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. நான் துண்டுக்கு "பங்கு" என்றே தொடர் முழுக்க வைத்துக்கொண்டேன், தொகுதி, பகுதி என்ற சொற்கள் தொடரின் ஐந்தாவது படத்துக்கு முன் வரவில்லை. இன்னொன்று, இந்தப் பகுதியில் "கால்" என்று சொல்லவே இல்லை. கால் அழகான சொல், ஆனால் அதற்குள் நான்கு தெரியவில்லை. நான்கில் ஒன்றில் தெரிகிறது. அரைக்கால் வரும்போது, அதாவது எட்டில் ஒன்று வரும்போது, காலைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

## இரண்டாவது கேள்வி, கடைசி நகைச்சுவை

பார்த்ததையே திருப்பிக் கேட்டால் நினைவைத்தான் சோதிக்கிறோம். ஆகவே பார்க்காத ஒன்று: அதே அளவுப் பட்டை, ஐந்து பேர். கிட்டு தன் துண்டின் அருகே ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டு "இதைவிடப் பெருசா, சின்னதா? எங்க வரும்?" என்று கேட்கிறான், மறுபடி ஐந்து விநாடி. அப்புறம் வெட்டிக் காட்டுகிறோம். 300-க்கும் 240-க்கும் வித்தியாசம் 60 பிக்சல், கண்ணுக்குத் தெரியும். பத்தும் பன்னிரண்டும் வைத்திருந்தால் 120-க்கும் 100-க்கும் இடையே 20-தான், வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

பதில் வந்ததும் கிட்டு சொல்லும் வாக்கியத்தைப் பலமுறை மாற்றினேன். "கீழே பெரிய எண் இருந்தால் பங்கு சின்னது" என்று எழுதினால் பிள்ளை அதைச் சூத்திரமாகப் பிடித்துக்கொண்டு 3/4-ஐவிட 1/3 பெரியது என்று அடுத்த வாரம் சொல்லும். மேலே இருப்பது ஒன்று என்பதை அது பார்க்கவே பார்க்காது. இறுதியில் வைத்தது: "ஆள் கூடக் கூட ஒருத்தர் பங்கு சின்னதாகுது." ஒருத்தர் என்ற சொல்லை நடிகர் கொஞ்சம் அழுத்த வேண்டும். சூத்திரமாகத் தோன்றாது, எல்லையும் உள்ளேயே இருக்கிறது.

4:15, படம்: மறுநாள். பலகை எதுவும் இல்லை, ஒரே ஒரு பட்டை. கிட்டு ஓடி வந்து தனியாக உட்காருகிறான். புளியமரத்திலிருந்து ஒரு குட்டி அணில் இறங்குகிறது. இன்னொன்று. வரிசையாக ஆறு, ஏழு...
குட்டிகள்: கிட்டண்ணே, நாங்களும் வாரோம்!
கிட்டு: ஏல, வராதீங்கலே!

## ஓவியருக்குத் தனியாக ஒரு தாள்

ஸ்கிரிப்ட் சரியாக இருந்தும் படம் தப்பாக வந்த இடங்களெல்லாம் அனிமேஷனின் நல்ல பழக்கங்களால்தான் வந்தன. உயிரோட்டத்துக்காக எதையும் அமுக்கி இழுத்து வரைவது அவர்கள் வழக்கம். கிட்டு குதிக்கும்போது நீளட்டும், குறுகட்டும். மிட்டாய்த் துண்டு தரையில் விழும்போது நீளக் கூடாது, ஒரு கணம் நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றின் அளவுக்கு வந்து போகும். அதேபோல் கிட்டுவின் துண்டை மட்டும் அருகில் காட்டிவிட்டு அடுத்த ஷாட்டில் ஓணானுடையதைத் தூரத்தில் காட்டினால் திரையில் சின்னதுதான் பெரியதாகத் தெரியும். இரண்டையும் ஒரே ஷாட்டில், ஒரே அளவில் காட்டச் சொல்லுங்கள். வெட்டும் காட்சியும் ஒப்பிடும் காட்சியும் நேர் மேலிருந்து. சாய்ந்த கோணத்தில் தூரத்துத் துண்டு சிறுத்துவிடும், சமமாக வெட்டியதாகத் தெரியாது.

வெட்டும்போது பொடி உதிர்வது அழகாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளை "உதிர்ந்தது யார் பங்கு?" என்று கேட்டது. நியாயமான கேள்வி, பொடியை எடுத்துவிட்டோம்.

## வண்ணம் பூசும் முன்

படங்களைக் கோட்டோவியமாக அடுக்கி, போனில் பதிந்த குரலை ஒட்டி, நாலரை நிமிட அனிமேட்டிக் செய்துகொள்ளுங்கள். அதை ஐந்தாறு பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஒவ்வொருவராக, சேர்த்து உட்கார வைத்தால் முதலில் சத்தம் போடுகிறவன் பதிலையே எல்லோரும் சொல்வார்கள். இந்த நிலையில் ஒரு காட்சியை மாற்றுவது ஒரு மதிய வேலை. வண்ணம் பூசி அசைவு கொடுத்தபின் என்றால் ஒரு வாரம் போய்விடும், யாரும் மாற்றச் சம்மதிக்கவும் மாட்டார்கள்.

முடிந்ததும் மூன்று வேலை கொடுப்பேன். 1/6, 1/5 எழுதிக் காட்டி எது பெரியது என்று கேட்பது முதலாவது, பதிலைவிட "எப்படித் தெரியும்?" என்பதற்கு என்ன வருகிறது என்று பார்க்க. "ஆறு பேரு வந்துட்டா கொஞ்சம்தான் கெடைக்கும்" என்றால் சரி. "கிட்டு சொன்னான்" என்றால் படம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். "சின்ன நம்பர்தான் பெருசு" என்றால் சூத்திரம் பிடித்துவிட்டது, கிட்டுவின் வாக்கியத்தை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒரே அளவில் இரண்டு தாள் பட்டைகளைக் கொடுத்து மூன்றாகவும் நான்காகவும் மடிக்கச் சொல்வது. நான்கு சட்டென்று வரும். மூன்றாக மடிக்கும்போது முனையை மறுமுனைக்குக் கொண்டுபோகாமல் நடுவில் எங்கோ நிறுத்தி, விரித்துப் பார்த்து, மறுபடி நகர்த்துகிற பிள்ளைக்குச் சமப் பங்கு புரிந்திருக்கிறது. மூன்றாவது, கேள்வி கேட்காமல் கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி ஓட விடுவது. நான் பார்க்கும்போது முதல் குட்டி இறங்கியதுமே ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டாள், இன்னொரு பையன் அவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்து கிட்டு கத்திய பிறகுதான் சிரித்தான், அவனிடம் "எதுக்குடா சிரிச்ச?" என்று கேட்டதற்கு "அணில் கத்துது" என்றான். அவனோடு உட்கார்ந்து தாளை மடித்துப் பார்த்துவிட்டு, 2:20 காட்சியில் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் இடத்தை இன்னும் நான்கு விநாடி நீட்டினேன்.